மிளகு கடனாளியான கதை

1211-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரத்து வட்டிக்கடைக்காரர்கள் சிலர் தோல்தாளில் ஒரு கணக்குப் புத்தகம் எழுதிவந்தார்கள். கடன்கள் தீர்ந்ததும் புத்தகத்துக்கு வேலை முடிந்துபோயிற்று. தோல்தாள் விலை அதிகமான பொருள் என்பதால் அதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. யாரோ ஒருவர் அந்த ஏடுகளைப் பிரித்து வேறொரு நூலுக்குக் கட்டடம் போடப் பயன்படுத்திவிட்டார். இப்படிப் பிழைத்தவை இரண்டே ஏடுகள். பல நூற்றாண்டுகள் கழித்து அவற்றைப் படித்தவர்களின் கண்ணில், பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாசகம் பட்டது. இன்னார் எங்களுக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவு என்பதே அது.

அன்றைய கணக்கு எழுத்தெல்லாம் ஞாபகக் குறிப்புதான். கடன் கொடுத்தால் வாங்கியவர் பெயரைப் போட்டு 'இவர் கொடுக்க வேண்டியது' என்று எழுதுவார்கள். கீழே கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள். அவர் பணத்தைத் திருப்பித் தரும்போது அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒருவர் பணத்தை இவர்களிடம் போட்டுவைத்தால் 'இவருக்கு வர வேண்டியது' என்று எழுதுவார்கள். இந்த இரண்டு வாசகங்களே போதுமானவையாக இருந்தன. யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் எழுத மறந்த பதிவை அந்தப் புத்தகத்தால் காட்டிக்கொடுக்க முடியவில்லை. கடையின் பணப்பெட்டியில் முப்பது நாணயம் குறைந்தால், அது கடனாகப் போனதா, களவு போனதா என்று கேட்க அதில் பக்கமே கிடையாது.

அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. வந்த யோசனை வினோதமானது. பணப்பெட்டியை ஓர் ஆளாகவே பாவித்துவிட்டார்கள். பெட்டிக்குள் பணம் போனால், பெட்டி அதை வாங்கிக்கொண்டது. ஆகவே பெட்டி கடைக்குக் கொடுக்க வேண்டியது. பெட்டியிலிருந்து பணம் வெளியே வந்தால், பெட்டி கொடுத்துவிட்டது. கம்பளி வியாபாரி ஒருவர் முப்பது நாணயம் கடன் வாங்கினால் இரண்டு பக்கங்களில் எழுத வேண்டியதாயிற்று. அவர் பக்கத்தில் 'கொடுக்க வேண்டியது 30', பெட்டியின் பக்கத்தில் 'கொடுத்தது 30'. ஒரே சம்பவத்துக்கு இரண்டு பதிவுகள் வந்துவிட்டன. இரண்டில் ஒன்றை மறந்தால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

பிளஸ் ஒன் வணிகவியல் வகுப்பில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. வீட்டில் வரவு செலவு என்று பேசிப் பழகிய பிள்ளைக்கு, ரொக்கம் கைக்கு வந்தால் அதைப் 'பற்று' என்று எழுதச் சொன்னால் தலை சுற்றும். வந்தது எப்படிப் பற்றாகும்? பெட்டியை ஆளாக நினைத்தவர்களுக்கு அதில் குழப்பமே வரவில்லை. பெட்டி பணத்தைப் பற்றிக்கொண்டது, அதனால் பற்று. இந்த ஒரு வரியை ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்யும் பாட்டிலிருந்து தப்பிப்பார்கள். ஆனால் பெட்டி மட்டும் ஆளானால் போதவில்லை. வாடகை என்று ஒன்று குறுக்கே வந்தது.

1299-ஆம் ஆண்டு. தெற்கு பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் சலோன் என்ற சிறு ஊர். பிளாரன்ஸ் வணிகர்களின் ஜொவான்னி ஃபரோல்ஃபி நிறுவனம் அங்கே ஒரு கிளை வைத்திருந்தது. கிளையின் கணக்கை எழுதியவர் அமதினோ மனுச்சி. கடைக்காக ஒரு வீட்டை நான்கு வருடத்துக்குப் பேசி, 16 லிவர் வாடகையை மொத்தமாக முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். பெட்டி 16 லிவர் கொடுத்தாயிற்று. ஒரு வருடம் ஓடியது. கணக்கை முடிக்கும் நாளில் மனுச்சியின் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த வருடத்துச் செலவு 16 லிவரா?

பணம் போனது என்னவோ 16 தான். ஆனால் குடியிருந்தது ஒரு வருடம். இன்னும் மூன்று வருடம் அந்த வீடு இவர்களுக்குப் பாக்கி இருந்தது. மனுச்சி நான்கு லிவரை மட்டும் அந்த வருடச் செலவில் தள்ளினார். மீதி 12 லிவரை வரப்போகும் வருடங்களுக்குரியதாக வைத்துக்கொண்டார். பணத்தைக் கொடுத்த அன்று 16 என்று எழுதியது கணக்குப் பதிவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிற வேலை. வருடக் கடைசியில் அதில் எவ்வளவு இந்த வருடத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்தது வேறு வேலை. அதற்குத்தான் பின்னால் கணக்கியல் என்று பெயர் வந்தது. முதலாவதற்குக் கவனம் வேண்டும், இரண்டாவதற்கு நிதானிப்பு வேண்டும். மனுச்சி இரண்டையும் ஒரே மேசையில் செய்துவிட்டார். அந்தப் பேரேட்டின் ஒரு பகுதி எப்படியோ பிழைத்து, சுமார் 680 ஆண்டுகள் கழித்து, 1977-இல் ஜெஃப்ரி லீ என்ற ஆய்வாளரின் கட்டுரை வழியாக உலகத்துக்குத் தெரியவந்தது. இரட்டைப் பதிவில் எழுதப்பட்டதாக அடையாளம் காணப்பட்ட மிகப் பழைய பேரேடுகளில் முதலிடம் அதற்குக் கிடைத்தது. ஆனால் இரட்டைப் பதிவின் முழு வேடிக்கையைப் பார்க்க, இத்தாலியின் ஒரு துறைமுகத்தில் மிளகு மூட்டைகள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் துறைமுகம் ஜெனோவா. நகர நிர்வாகத்தின் கணக்குகளில் மோசடி மலிந்துபோனதால், 1327-இல் ஓர் ஆணை வந்தது. இனி நகரத்தின் கணக்கை வங்கிக்காரர்கள் எழுதுகிற முறையில்தான் எழுத வேண்டும் என்றது ஆணை. அதன்படி எழுதிய பேரேடுகளில் 1340-ஆம் ஆண்டுக்குரியது மிஞ்சியிருக்கிறது. அதில் பற்று ஒரு பாதியிலும் வரவு எதிர்ப் பாதியிலுமாக, இன்றைய மாணவர் போடும் கணக்கைப் போலவே பக்கங்கள் பிரிந்திருக்கின்றன. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பில் மனிதர் பெயர் இல்லை. 80 எடை மிளகு எங்களுக்குக் கொடுக்க வேண்டியது என்று அந்தப் பக்கம் தொடங்குகிறது. மலபார் காட்டில் கொடியேறி, கடல் தாண்டி, கைமாறிக் கைமாறி வந்த மிளகு, ஜெனோவா நகரத்தின் கடனாளியாகிவிட்டது.

அந்த மிளகை நகரம் கடனுக்கு வாங்கியது. பிறகு ரொக்கத்துக்கு விற்றது. கணக்கு எப்படி நகர்ந்தது என்று காட்ட, எண்ணை எளிதாக்கி 100-க்கு வாங்கி 92-க்கு விற்றதாக வைத்துக்கொள்ளலாம். வாங்கிய அன்று, மிளகு கொடுக்க வேண்டியது 100. விற்றவருக்கு வர வேண்டியது 100. விற்ற அன்று, பெட்டி கொடுக்க வேண்டியது 92; மிளகு கொடுத்தது 92. இப்போது மிளகின் பக்கத்தைப் பார்த்தால் அது இன்னும் 8 பாக்கி வைத்திருக்கிறது. கிடங்கிலோ ஒரு மணி மிளகுகூடக் கிடையாது. இல்லாத மிளகிடம் யார் போய்க் கடன் கேட்பது?

இங்கேதான் கணக்கு எழுதியவர்களின் துணிச்சல் தெரிந்தது. நட்டத்துக்கும் ஒரு பக்கம் திறந்தார்கள். மிளகின் பக்கத்தில் 'கொடுத்தது 8' என்று எழுதி அதைச் சமன் செய்து மூடினார்கள். நட்டத்தின் பக்கத்தில் 'பற்று 8' என்று ஏற்றினார்கள். மொத்தத்தைக் கூட்டினால் பற்றுப் பக்கத்தில் பெட்டி 92, நட்டம் 8, ஆக 100. வரவுப் பக்கத்தில் மிளகு விற்றவருக்குத் தர வேண்டிய 100. ஒரு காசு பிசகவில்லை. எந்தச் சரக்கு எவ்வளவு இழப்பைத் தந்தது என்பதும் தனியாகத் தெரிந்துவிட்டது. ஜெனோவாவின் நிஜக் கணக்கிலும் மிளகு நட்டத்தில்தான் முடிந்தது. கடனுக்கு வாங்கி உடனே ரொக்கத்துக்கு விற்றால் நகரத்துக்குக் கைமாற்றுப் பணம் கிடைக்கும். அந்த நட்டம் உண்மையில் வட்டிதான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பேரேடு அதை மிளகு நட்டம் என்றே எழுதிக்கொண்டது. இந்தப் பேரேட்டு முறையை வைத்து ஒரு சாம்ராஜ்யமே கட்டலாம் என்று பிளாரன்சில் ஒரு குடும்பம் கண்டுபிடித்தது.

மெடிச்சி குடும்பத்தின் வங்கி 1397-இல் பிளாரன்சைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. நாளடைவில் வெனிஸ், புரூஜ், லண்டன், லியோன் என்று கிளைகள் விரிந்தன. கிளை மேலாளர்கள் கணக்கை முடித்து, இருப்புநிலைக் குறிப்பைப் பிளாரன்சுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஜொவான்னி பெஞ்சி என்ற பொது மேலாளர் உட்கார்ந்திருந்தார். கூட்டல் சரியா என்று பார்ப்பது அவருக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. பற்றும் வரவும் பொருந்தித்தான் வந்தன. கடன் வாங்கியவர்களின் நீண்ட பட்டியலை வரிசையாகப் படித்து, இவர் தருவார், இவர் தருவது சந்தேகம், இவரிடமிருந்து வராது என்று பிரிப்பதே பெரிய வேலை. பெஞ்சியின் காலத்தில் வங்கி செழித்தது. 1455-இல் அவர் இறந்தார். பிறகு அந்த நாற்காலிக்குப் பிரான்செஸ்கோ சாசெத்தி என்பவர் வந்தார். கிளை மேலாளர்களை நம்பிவிடுவது அவருடைய சுபாவம்.

புரூஜ் கிளையின் மேலாளர் தொம்மாசோ போர்த்தினாரி. பர்கண்டிக் கோமகன் சார்லசின் அரசவையில் அவருக்கு நல்ல செல்வாக்கு. கோமகன் போர் மேல் போராக நடத்தினார். போர்த்தினாரி கடன் மேல் கடனாகக் கொடுத்தார். ஒவ்வொரு கடனும் பேரேட்டில் ஒழுங்காக ஏறியது: சார்லஸ் கொடுக்க வேண்டியது, பெட்டி கொடுத்தது. 1477 ஜனவரி 5 அன்று, நான்சி நகருக்கு வெளியே நடந்த போரில் சார்லஸ் வெட்டுப்பட்டு விழுந்தார். பெருந்தொகை பாக்கி நின்றது. மறுநாள் காலை புரூஜ் பேரேட்டைக் கூட்டியிருந்தாலும் இருபுறமும் சரியாகவே வந்திருக்கும்.

இரட்டைப் பதிவின் எல்லை அந்தக் காலைப்பொழுதில் தெரிகிறது. கடனாளி உயிரோடு இருக்கிறாரா, திருப்பித் தருவாரா என்று பேரேட்டுக்குத் தெரியாது. சமமாக ஏற்றியதைச் சமமாகவே வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தக் கடனை வாராக்கடன் என்று நட்டத்தின் பக்கத்துக்கு மாற்ற ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும். மனுச்சி வாடகையைப் பிரித்தது போன்ற முடிவு இது, ஆனால் பல மடங்கு வலிக்கும். குடும்பத்தின் தலைவரான லொரென்சோ தெ மெடிச்சி கடைசியில் புரூஜ் கிளையையே மூட வேண்டியதாயிற்று. லியோன் கிளையில் கதை இன்னும் மோசமாகப் போய்க்கொண்டிருந்தது.

லியோன் மேலாளர் லியோனெத்தோ தெ ரோஸ்ஸி வருடா வருடம் லாபம் காட்டினார். வராத கடன்களை வரும் என்றே காட்டி, அவற்றுக்கு எதுவும் ஒதுக்காமல் கணக்கை அனுப்பியதாக அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. குறிப்பில் கூட்டல் பிழை எதுவும் கிடையாது. லியோனுக்கு நேரில் போய்க் கடனாளிகளின் கதவைத் தட்டிப் பார்த்தால்தான் பிசகு தெரிந்திருக்கும். அப்படித் தட்டவேண்டியவர்கள் காலம் கடந்துதான் தட்டினார்கள். 1485-இல் ரோஸ்ஸியைப் பிளாரன்சுக்கு வரவழைத்துச் சிறையில் அடைத்தார்கள். போன பணம் திரும்பவில்லை. 1494 நவம்பரில் மெடிச்சி குடும்பத்தையே பிளாரன்ஸ் விரட்டியடித்தது. வங்கியும் அதோடு முடிந்தது. அதே நவம்பர் மாதம், வெனிசில் ஓர் அச்சுக்கூடத்திலிருந்து ஒரு கனத்த புத்தகம் வெளியே வந்தது.

அதை எழுதியவர் பிரான்சிஸ்கன் துறவி லூக்கா பாச்சோலி, கணித ஆசிரியர். இளவயதில் வெனிஸ் வணிகர் ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அந்த வீட்டிலேயே வணிகத்தைப் பார்த்தவர். சுமார் அறுநூறு பக்கம் ஓடும் அந்தக் கணித நூலின் நடுவே, கணக்கு எழுதுவதைப் பற்றி 36 சிறு அத்தியாயங்களைச் சேர்த்தார். முறையைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவே இல்லை. வெனிசில் வழங்கும் முறையைச் சொல்கிறேன் என்றுதான் எழுதினார். ராகுசா நகரத்து வணிகர் பெனெதெத்தோ கோத்ருல்யி 1458-லேயே இதைப் பற்றி எழுதி முடித்திருந்தார். அது கையெழுத்துப் படியாகக் கிடந்து, அச்சேறியது 1573-இல். அச்சு எந்திரம் முந்திக்கொண்டதால் 'கணக்கியலின் தந்தை' என்ற பட்டம் பாச்சோலிக்குப் போனது. கோத்ருல்யிக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனாலும் பாச்சோலி அந்தப் பக்கங்களில் வைத்திருந்த சில விஷயங்கள் வேறு யாரிடமும் அவ்வளவு வெளிப்படையாக இல்லை.

மூன்று புத்தகங்கள் வேண்டும் என்றார் அவர். முதலாவது குறிப்புப் புத்தகம். கடையில் நடப்பதை நடந்த கையோடு, எழுதத் தெரிந்த யார் வேண்டுமானாலும், வீட்டுப் பெண்கள் உட்பட, எழுதலாம். இரண்டாவது குறிப்பேடு. முதல் புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு நடவடிக்கையிலும் பற்று யார், வரவு யார் என்று பிரித்துத் தேதி வரிசையில் எழுதுவது. மூன்றாவது பேரேடு. குறிப்பேட்டில் உள்ளதை ஆள் வாரியாக, சரக்கு வாரியாக அவரவர் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பேரேடு நிரம்பி முடிக்கும் நாளில் ஒரு தாளை எடுத்து, பற்றுகளை இடப்புறமும் வரவுகளை வலப்புறமும் எழுதிக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். இன்று இருப்பாய்வு என்று சொல்வது இதைத்தான். ஒன்றாக வராவிட்டால்?

தேட வேண்டும் என்றார் பாச்சோலி. பின்னால் வந்த கணக்குப்பிள்ளைகள் தேடுவதற்குக் குறுக்கு வழிகளைச் சேர்த்தார்கள். வித்தியாசத்தை முதலில் பாதியாக்கிப் பார்ப்பார்கள். 120 வித்தியாசம் வந்தால் 60 என்ற தொகையைத் தேடுவார்கள். அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். அப்படி ஒன்று அகப்படாவிட்டால் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். 540 என்று எழுத வேண்டியதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். நள்ளிரவில் கணக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த ஒன்பது ஒரு வரம். ஆனால் இருபுறமும் பொருந்திவிட்ட கணக்கில் ஒளிந்திருக்கும் பிழைக்கு எந்த வகுத்தலும் உதவவில்லை.

அப்படிப்பட்ட பிழைகள் எளிமையானவை. ஒரு விற்பனையை எழுதவே மறந்தால் இருபுறமும் சேர்ந்தே குறையும், கூட்டல் பொருந்தும். ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணத்தை அதே பெயருள்ள இன்னொருவர் பக்கத்தில் ஏற்றினாலும் பொருந்தும். நடக்காத விற்பனையை நடந்ததாக எழுதினாலும் பொருந்தும். பாச்சோலியே ஓர் இடத்தில் சரக்குப் பட்டியல் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது, விலையைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம் என்றார். 20 பெறும் என்று தோன்றினால் 24 என்று எழுதலாம் என்றார். 24 என்று எழுதினால் சரக்கும் 4 கூடும், முதலாளியின் மூலதனமும் 4 கூடும்; பேரேடு மறுக்காது. பின்னாளில் கணக்கியல் நேர் எதிராகத் திரும்பி, வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைப் போடு என்று விதி வகுத்தது. துறவியின் அந்த 24 எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதே துறவிதான் இன்னோர் அத்தியாயத்தில் ஓர் எச்சரிக்கையையும் வைத்தார்.

சில வணிகர்கள் இரண்டு ஜதைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், ஒன்றை வாங்குபவரிடமும் மற்றொன்றை விற்பவரிடமும் காட்டுகிறார்கள் என்று எழுதினார் பாச்சோலி. அதற்கு மாற்றாக, பெரூஜா நகரத்தில் கண்டது போல, புத்தகங்களை வணிக அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பதிந்து முத்திரை வாங்கச் சொன்னார். உள்ளுக்குள் சரிபார்க்கவும் வழி சொன்னார். ஒருவர் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். மற்றவர் பேரேட்டை வைத்துக்கொண்டு, கேட்ட பதிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் புள்ளி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் புள்ளி விழாத பதிவு நின்றால் அது பிழை. வாசிக்கக் கேட்பது தணிக்கைக்குப் பழைய வழி. ஆடிட் என்ற சொல்லே 'கேட்டல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் எழுதியவர்களே தங்கள் எழுத்தைக் கேட்டுக்கொண்டால் போதுமா என்ற கேள்விக்கு விடை வர, லண்டனில் பங்குச் சந்தை ஒன்று நொறுங்க வேண்டியிருந்தது.

1720-இல் தென்கடல் நிறுவனத்தின் பங்கு விலை வானத்துக்கு ஏறி, அதே வருடம் தரையில் விழுந்தது. பல்லாயிரம் பேர் பணத்தை இழந்தார்கள். பாராளுமன்றம் ரகசியக் குழு ஒன்றை அமைத்து விசாரித்தது. நிறுவனத்தின் காசாளர் நாட்டை விட்டே ஓடிவிட்டார். காசு கொடுக்காமலேயே பங்கு வாங்கியதாக எழுதிக்கொண்டு, விலை ஏறியதும் லாபத்தை மட்டும் கைப்பற்றிய அரசியல்வாதிகளைக் குழு தேடியது. நிறுவனத்தோடு தொடர்புள்ள ஒரு வங்கி நிறுவனத்தின் புத்தகத்தில் 'ஸ்டான்கேப்' என்று ஒரு பெயர் இருந்தது. அப்படி ஒருவர் இங்கிலாந்தில் யாரும் இல்லை. ஏட்டை உற்றுப் பார்த்தார்கள். எழுத்துகள் சுரண்டப்பட்டிருந்தன.

சுரண்டலுக்கு அடியில் இருந்த பெயர் ஸ்டான்ஹோப். கருவூலத்தின் செயலாளர் சார்லஸ் ஸ்டான்ஹோப். தொகை மாறவில்லை, பக்கம் மாறவில்லை, கூட்டல் மாறவில்லை. பெயரின் நடுவில் ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறியிருந்தன. இரட்டைப் பதிவு எத்தனை முறை கூட்டினாலும் பிடிக்க முடியாத மோசடியை ஒரு ஜோடிக் கண்கள் பிடித்தன. ஆனாலும் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் அவர் விடுதலையாகிவிட்டார்.

அதே வங்கி நிறுவனத்தின் புத்தகங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுத ஒருவர் அமர்த்தப்பட்டார். பெயர் சார்லஸ் ஸ்னெல். அவருடைய தொழில் வியப்பானது: கையெழுத்துப் பயிற்சி ஆசிரியர், கூடவே கணக்கும் தெரிந்தவர். நிறுவனத்தில் வேலை செய்யாத ஒருவர் அதன் புத்தகத்தைப் பார்த்து எழுதிய அறிக்கையாக, 1721-இல் வந்த அவருடைய அறிக்கையைத் தணிக்கை வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். கணக்கு எழுதுபவர், கணக்கைத் தொகுத்து மதிப்பிடுபவர், இரண்டிலும் கை வைக்காமல் வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்பவர் என்று மூன்று நாற்காலிகள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கின. 1854-இல் எடின்பரோவின் கணக்காளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. இந்தியாவில் 1949-இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. வெளியாள் கேட்கும் கேள்விகளில் எளியது ஒன்று உண்டு. அந்தக் கேள்வி, எல்லார் வீட்டு மேசை அறையிலும் கிடக்கும் ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றியது.

வங்கி பாஸ்புக்தான் அது. ஒரு கடைக்காரர் வங்கியில் 5,000 ரூபாய் கட்டினால், பாஸ்புக்கில் அந்தத் தொகை 'வரவு' பத்தியில் விழுகிறது. கைபேசியில் 'கிரெடிட்' என்று குறுஞ்செய்தி வருகிறது. பணம் நமக்கு வந்ததால் வரவு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பணம் கடைக்காரரின் பெட்டியை விட்டுப் போயிருக்கிறது. பாஸ்புக் கடைக்காரரின் கணக்கே அல்ல. வங்கியின் பேரேட்டில் அவர் பெயருக்குத் திறந்த பக்கத்தின் நகல் அது. 'இவருக்கு வர வேண்டியது' என்று பிளாரன்ஸ் வட்டிக்கடைக்காரர்கள் எழுதிய அதே பதிவு, வங்கியின் வாயால் சொல்லப்படுகிறது. கடைக்காரர் தன் பேரேட்டில் அந்த 5,000-ஐத் தலைகீழாக, 'வங்கி கொடுக்க வேண்டியது' என்று பற்றில்தான் எழுத வேண்டும்.

ஒரே நடவடிக்கை, இரண்டு பேரின் புத்தகம், கண்ணாடியில் தெரிவது போல எதிரெதிர். மார்ச் 31 அன்று கடையின் கணக்குப்பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். கடையின் புத்தகத்தில் 62,000, பாஸ்புக்கில் 70,000. பதற்றம் வேண்டாம், சரக்குக்காரருக்குக் கொடுத்த 8,000 ரூபாய்க் காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடாமல் இருக்கலாம். ஏப்ரல் முதல் வாரத்துப் பாஸ்புக்கில் அந்த 8,000 கழிந்தால் விஷயம் முடிந்தது. மாதம் இரண்டாகியும் கழியவில்லை என்றால், அந்தக் காசோலை உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்று தேட வேண்டும். தணிக்கையாளர் வரும்போது அந்தப் பாஸ்புக்கை வாங்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பாஸ்புக் பக்கத்தையும் போலியாக அச்சடித்துவிட முடியும் என்று அவருக்குத் தெரியும். கடைக்காரரின் கைக்குப் போகாமல், பதில் நேராகத் தன் முகவரிக்கு வரும்படி கேட்டு வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, தபாலுக்காகக் காத்திருக்கிறார்.